நிரையும் நிரலும்: அச்சிட்ட மழை அட்டவணையிலிருந்து காலத் தொடருக்கு

இலங்கையின் உலர் வலயத்து வேளாண்மை வரலாற்றை ஆராயப் புகும் மாணவன் நெல்விலை, வரி, குடிபெயர்வு, நோய் என்பவற்றைப் பற்றிய சான்றுகளைத் தேடும்போது, விரைவிலோ தாமதமாகவோ மழை அட்டவணையொன்றின் முன்னே வந்து நிற்கின்றான். அவ்வட்டவணை பழைய நிர்வாக அறிக்கைகளின் பின்னிணைப்பாகப் பெரும்பாலும் ஒரே உருவில் அமைந்திருக்கும். இடப்புற ஓரத்தில் ஆண்டுகள் மேலிருந்து கீழாக இறங்கும். தலைப்பில் ஜனவரி முதல் டிசம்பர் வரையுள்ள பன்னிரு மாதங்களும் இடமிருந்து வலமாகச் செல்லும். ஒவ்வொரு நிரையின் இறுதியிலும் ஆண்டு மொத்தமும், ஒவ்வொரு நிரலின் அடியிலும் அம்மாதத்தின் சராசரியும் தரப்பட்டிருக்கும். அளவுகள் அங்குலத்தில், இரு தசம தானங்களுக்கு அமைந்திருக்கும்.

இவ்வட்டவணையை வரலாற்று மாணவர் பெரும்பாலும் ஒரே வகையிலேயே பயன்படுத்துகின்றனர். வலப்புறத்து ஆண்டு மொத்தத்தை மேலிருந்து கீழாக நோக்கி, எண் சிறுத்த ஆண்டினை வறட்சி ஆண்டென்றும், பெருத்த ஆண்டினை வெள்ள ஆண்டென்றும் குறித்துக்கொண்டு அப்பால் செல்கின்றனர். நானும் அவ்வாறே தொடங்கினேன். அம்முறை வடபுலத்தையும் கீழ்ப்புலத்தையும் பொறுத்தவரை நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக் கூடியது என்பதையும், அதனைத் தவிர்க்க அட்டவணையை எவ்வாறு பிரித்து நீண்டதொரு காலத் தொடராக ஆக்கவேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அட்டவணை ஏன் இவ்வுருவில் அமைந்தது?

இலங்கையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மழையை அளந்து தொகுக்கும் பணி நில அளவை அதிபதியின் பொறுப்பில் இருந்தது. 1907இல் கொழும்பில் அவதான நிலையம் நிறுவப்பட்டது. 1948இல் வளிமண்டலவியலுக்கெனத் தனித் திணைக்களம் உருவாயிற்று. இக்கால முழுவதிலும் மழைமானியின் அருகே நின்று அளவெடுத்தோர் பலதரப்பட்டவர்கள். அவர்கள் நாள்தோறும் எழுதிய எண்கள் மாத இறுதியில் கூட்டப்பட்டுத் தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே எழுதுவினைஞர் அவற்றை நிலையவாரியாக அட்டவணையில் நிரப்பினார்.

ஆகவே நாம் காணும் கட்டம் மழையின் இயல்பை ஒட்டி எழுந்ததன்று. அலுவலக ஆண்டையும் அச்சுத்தாளின் அகலத்தையும் ஒட்டி எழுந்தது. பன்னிரு மாதங்களை ஒரே வரியில் அடக்கினால் நாற்பது ஆண்டுகளின் செய்தியை ஒரே பக்கத்தில் தந்துவிடலாம். அதையே நீண்ட தொடராக அச்சிட்டால் 480 வரிகள் தேவைப்படும். சிக்கனம் கருதிய இவ்வமைப்பில் ஓர் இழப்பு உண்டு. டிசம்பரும் அதனை அடுத்துவரும் ஜனவரியும் காலத்தால் மிக நெருங்கியவை. ஆனால் தாளில் அவையே மிகத் தொலைவில் நிற்கின்றன. ஒன்று ஒரு நிரையின் வலக் கோடியிலும் மற்றையது அடுத்த நிரையின் இடக் கோடியிலும் உள்ளன.

மேற்கு நாடுகள் பலவற்றில் இப்பிளவு பெருந்தீங்கு செய்வதில்லை. யாழ்ப்பாணத்திலோ, வன்னியிலோ, மட்டக்களப்பிலோ நிலைமை வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆண்டு மழைவீழ்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடும் வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்களோடும் வருகின்றது. அம்மழையை நம்பி விதைக்கப்படும் காலபோக நெல் தை, மாசியில் அறுவடையாகின்றது. அதாவது உழவனின் ஆண்டு ஆவணியில் ஏர் பூட்டித் தையில் பொங்கி முடிகின்றது. அவனுடைய போகத்தை அட்டவணையின் ஆண்டுக்கோடு நடுவே வெட்டிவிடுகின்றது.

மனுவும் மொத்தமும்

இவ்வெட்டினால் விளையக்கூடிய கேட்டினை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். இலங்கையில் நெல்வரி 1892இல் நீக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட காலத்தைச் சேர்ந்த மனுவொன்று நம் கைக்குக் கிடைப்பதாகக் கொள்வோம். மழை பொய்த்து விதைத்த நெல்லும் தேறவில்லை என்றும், வரியைத் தள்ளித் தரவேண்டும் என்றும் ஊரவர் வேண்டுகின்றனர். நாம் அட்டவணையைப் புரட்டுகின்றோம். அங்கே பின்வரும் இரு நிரைகள் காணப்படுகின்றன. இவை எந்த நிலையத்தின் அறிக்கையிலிருந்தும் எடுக்கப்பட்டவையல்ல, விளக்கத்தின்பொருட்டு அமைக்கப்பட்டவை. அளவு அங்குலத்தில்.

| மாதம் | முதலாம் ஆண்டு | இரண்டாம் ஆண்டு |
|---|---|---|
| ஜனவரி | 8.10 | 0.40 |
| பெப்ரவரி | 3.40 | 0.00 |
| மார்ச் | 2.90 | 0.60 |
| ஏப்பிரல் | 4.60 | 2.10 |
| மே | 3.20 | 1.50 |
| யூன் | 0.70 | 0.00 |
| யூலை | 1.10 | 0.80 |
| ஓகஸ்ட் | 3.30 | 1.20 |
| செப்டெம்பர் | 5.20 | 2.40 |
| ஒக்டோபர் | 6.30 | 10.70 |
| நவம்பர் | 5.80 | 17.20 |
| டிசம்பர் | 1.90 | 13.60 |
| மொத்தம் | 46.50 | 50.50 |

(இடவசதி கருதி நிரைகளை இங்கே நிமிர்த்தித் தந்துள்ளேன், அறிக்கையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வரியாகக் கிடக்கும்.)

இந்நிலையத்தின் நீண்டகால ஆண்டுச் சராசரி 50 அங்குலம் என்று கொள்வோம். முதலாம் ஆண்டு சராசரியிலும் 7 வீதமே குறைவு. இரண்டாம் ஆண்டு சராசரியிலும் சற்று மிகுதி. மொத்தத்தை மட்டும் நோக்கும் ஆராய்ச்சியாளன், "இவ்விரு ஆண்டுகளிலும் வறட்சி இல்லை; வரியிலிருந்து தப்பும் நோக்குடன் ஊரவர் மிகைப்படுத்தியுள்ளனர்" என எழுதிவிடுவான். மனுவை நிராகரித்த அதிகாரியின் தீர்ப்பு, நூறாண்டுகளின் பின் வரலாற்றாசிரியனால் மீண்டும் ஒருமுறை எழுதப்பட்டதாகும்.

இப்பொழுது நிரைகளைப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவோம். முதலாம் ஆண்டின் ஒக்டோபர் தொடக்கம் இரண்டாம் ஆண்டின் மார்ச் வரை உள்ள ஆறு மாதங்களின் மழை 6.30, 5.80, 1.90, 0.40, 0.00, 0.60 என்பன. கூட்டினால் 15.00 அங்குலம். இவ்வாறு மாதங்களுக்குரிய சராசரி 40 அங்குலமாயின், பெய்தது அதில் ஐந்தில் இரண்டு பங்கும் இல்லை. நவம்பர் நடுவில் குளம் நிரம்பாமலும், கதிர் ஈனும் வேளையில் வயல் காய்ந்தும் போயிருக்கும். முதலாம் ஆண்டின் மொத்தத்தைக் காப்பாற்றியது முந்திய போகத்துக்குரிய ஜனவரி மழையும் இடைக்கால மழையுமாகும். இரண்டாம் ஆண்டின் மொத்தத்தைக் காப்பாற்றியது அடுத்த போகத்துக்குரிய மழையாகும். இரண்டும் அழிந்த போகத்துக்கு உதவவில்லை. ஊரவர் கூறியது உண்மை; மழைமானியும் அதனையே கூறியது; அதனை மறைத்தது அட்டவணையின் கோடு ஒன்றே.

இந்நிலை வெறுங் கற்பனையன்று. 1876 – 1878 காலத்துத் தென்னிந்தியப் பெரும்பஞ்சத்தின் முக்கிய காரணங்களுள் ஒன்று 1876இன் இறுதியில் வடகீழ்ப் பருவமழை பொய்த்தமையாகும். அப்பருவத்தின் பயிருக்குரிய கணக்கு 1876ஆம் ஆண்டின் நிரையில் தொடங்கி 1877ஆம் ஆண்டின் நிரையில் முடிகின்றது. இரு நிரைகளையும் சேர்த்துப் படியாதவனுக்கு அப்பருவத்தின் முழு உருவமும் புலப்படாது.

படியெடுத்தலும் சரிபார்த்தலும்

பிரித்தலின் பயன் இதுவாயின், அதற்கு முன்னே செய்யவேண்டிய வேலை படியெடுத்தல் ஆகும். இங்கே ஒரு விதியைக் கடைப்பிடித்தல் நன்று: முதலில் அட்டவணையை அச்சிலுள்ளவாறே, கட்டமாகவே, கணனியின் விரிதாளில் இறக்கவேண்டும். நேரடியாக நீண்ட தொடராகப் பதியத் தொடங்கினால், அறிக்கையிலுள்ள மொத்தங்களையும் சராசரிகளையும் கொண்டு பிழை தேடும் வாய்ப்பு எளிதில் கிட்டாது. பழைய எழுதுவினைஞர் நமக்கு விட்டுச்சென்ற மிகச் சிறந்த உதவி அந்த மொத்த நிரலும் சராசரி நிரையுமே.

பன்னிரு எண்களையும் பதிந்தபின் அவற்றின் கூட்டுத்தொகையை அச்சிலுள்ள ஆண்டு மொத்தத்திலிருந்து கழிக்கவேண்டும். விடை சுழியமாயின் அந்நிரை பெரும்பாலும் சரி. சுழியமன்றாயின் வித்தியாசத்தின் உருவமே பிழையின் வகையைச் சொல்லும். 13.72 என்பதை 17.32 எனப் பதிந்தால் வித்தியாசம் 3.60. தசமப் புள்ளியை நீக்கினால் 360. அது ஒன்பதால் மிச்சமின்றி வகுபடும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம்மாறும்போதெல்லாம் இவ்வாறே நிகழும் என்பதைக் கணக்காளர் அறிவர். 0.45 என்பதை 4.50 எனப் பதிந்தாலும் வித்தியாசமாகிய 405 ஒன்பதால் வகுபடும். ஈவு 45 ஆகும். அதுவே நாம் தேடும் எண். வித்தியாசம் ஒன்பதால் வகுபடாது ஒரே இலக்கத்தில் அமைந்தால், தேய்ந்த அச்சில் 3 ஐ 8 ஆகவோ, 1 ஐ 7 ஆகவோ வாசித்திருத்தல் கூடும்.

ஆயினும் நிரை மொத்தம் கண்டுகொள்ளாத பிழையொன்று உண்டு. மே மாதக் கட்டம் அச்சில் வெறுமையாக இருந்து, பதிபவர் அதனைத் தாண்டி யூன் மாத எண்ணை மே மாதத்தில் இட்டார் என்க. அதன்பின் எல்லா எண்களும் ஒரு மாதம் இடப்புறம் நகர்ந்து, டிசம்பர் வெறுமையாக முடியும். கூட்டுத்தொகை மாறாது, சரிபார்ப்பு வெற்றி என்றே காட்டும். நவம்பர் மழை ஒக்டோபரில் கிடக்கும். இதனைப் பிடிக்க நிரல்களைச் சோதித்தல் வேண்டும். நாம் பதிந்த நிரலின் சராசரியை அச்சிலுள்ள சராசரியோடு ஒப்பிட்டால், மே முதல் டிசம்பர் வரையுள்ள நிரல்கள் ஒருங்கே பிழைத்து நிற்கும். பல நிரல்கள் ஒருமிக்கப் பிழைப்பின் அது தனி எண்ணின் வழுவன்று. நகர்வு எனத் துணியலாம்.

நிரல் சோதனையின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். சராசரி இரு தசம தானங்களுக்கு மட்டந்தட்டப்பட்டிருப்பதால் அதில் 0.005 அங்குலம் வரை ஐயம் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு அதனைப் பெருக்கினால் 0.20 அங்குலம். ஆகவே அதனினும் சிறிய பிழை நிரல் சோதனைக்குத் தப்பிவிடும். அதனை நிரை மொத்தமே பிடிக்கவேண்டும். மேலும், அடியிலுள்ள சராசரி அப்பக்கத்து ஆண்டுகளுக்கு மட்டும் உரியதா, அன்றி நிலையம் தொடங்கிய காலம் முதலாக உள்ள எல்லா ஆண்டுகளுக்கும் உரியதா என்பதை முதலிலே தெளிந்துகொள்ளல் வேண்டும். பிந்தியதாயின் எல்லா நிரல்களும் ஒவ்வாமல் நிற்கும். அது நம் பிழையன்று.

சிலவேளைகளில் நாம் அச்சிலுள்ளதைச் சரியாகவே பதிந்திருப்போம். ஆயினும் மொத்தம் ஒவ்வாது. அப்போது பிழை அறிக்கையினுடையது. ஒரு நிரை 2.70 அங்குலத்தால் பிழைத்து, ஒரு நிரலின் கூட்டுத்தொகையும் மேற்கூறிய எல்லைக்குள் அதே அளவினால் பிழைத்தால், அவ்விரண்டும் சந்திக்கும் கட்டமே குற்றவாளி. நிரை மட்டும் பிழைத்து நிரல்கள் யாவும் ஒத்திருப்பின், மாத எண்கள் சரி. அச்சிட்ட மொத்தமே தவறு. எவ்வாறாயினும் அச்சிலுள்ள எண்ணை அழித்துவிட்டு நாம் ஊகித்த எண்ணை அவ்விடத்தில் இடுதல் தகாது. அச்சிலுள்ளதை ஒரு நிரலிலும், திருத்தியதை மற்றொரு நிரலிலும், திருத்தியதற்கான காரணத்தை மூன்றாவது நிரலிலும் வைத்தல் வேண்டும். ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர் பாடபேதம் காட்டுவதைப் போன்றதே இதுவும்.

வெறுமையும் சுழியமும்

படியெடுப்போரை மிகவும் அலைக்கழிப்பது எண்ணல்ல. எண் இல்லாத இடமே. அறிக்கைகளில் சில கட்டங்களில் 0.00 என்றும், சிலவற்றில் சிறு கோடும், சிலவற்றில் புள்ளிகளும் காணப்படும். சில வெறுமையாகவே கிடக்கும். இவற்றுள் எது "மழை பெய்யவில்லை" என்பது, எது "அளக்கப்படவில்லை" என்பது?

வடபுலத்தில் யூன், யூலை மாதங்களில் துளி மழையும் இல்லாமற் போவது இயல்பே. ஆகவே அங்கே சுழியம் நம்பத்தக்கது. நவம்பரில் வெறுமையான கட்டமோ பெரும்பாலும் அளவெடுப்பு நின்றுபோனதையே குறிக்கும். ஆயினும் பருவத்தை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் ஆபத்து. நாம் தேடுவதே பருவம் பிழைத்த ஆண்டுகளை அன்றோ? இதனைத் தீர்க்கும் நல்ல சான்று மீண்டும் ஆண்டு மொத்தமே. ஒரு நிரையில் கோடு இருந்தும் ஆண்டு மொத்தம் தரப்பட்டிருந்தால், எழுதுவினைஞர் அக்கோட்டினைச் சுழியமாகவே கொண்டார் எனலாம். மொத்தமும் வெறுமையாக இருப்பின் அளவு கிடைக்கவில்லை என்பது தெளிவு. நிரல் சராசரியும் உதவும்: கூட்டுத்தொகையை 40ஆல் வகுத்தால் சராசரி ஒவ்வாது, 39ஆல் வகுத்தால் ஒத்துவருமாயின், ஓராண்டு விடுபட்டதாகவே அவர் கணித்திருக்கின்றார்.

கட்டத்தை விரிக்கும்போது இவ்வேறுபாடு கணனியினால் சத்தமின்றி அழிக்கப்படக் கூடும். நாற்பது ஆண்டு அட்டவணையின் மாத எண்கள் grid என்னும் தாளில் B2 முதல் M41 வரை இருப்பின், புதிய தாளொன்றின் முதல் வரியில் பின்வரும் வாய்பாட்டை இட்டு 480 வரிகளுக்கு இழுத்தால் தொடர் உருவாகும்.

```
=INDEX(grid!$B$2:$M$41, INT((ROW()-1)/12)+1, MOD(ROW()-1,12)+1)
```

வரியெண்ணைப் பன்னிரண்டால் வகுக்க வரும் ஈவு எத்தனையாவது ஆண்டு என்பதையும், மிச்சம் எத்தனையாவது மாதம் என்பதையும் தருகின்றன. இவ்வளவே இதன் நுட்பம். ஆனால் மூலத்தாளில் வெறுமையாக உள்ள கட்டத்தை இவ்வாய்பாடு 0 எனத் திருப்பித் தரும். அளக்கப்படாத நவம்பர் அந்தக் கணமே மழையற்ற நவம்பராகிவிடும். வரலாற்றில் நிகழாத கொடிய வறட்சியொன்று தொடரில் தோன்றும். என் முதல் முயற்சியில் இவ்வாறான "வறட்சி"கள் தோன்றி என்னை மகிழ்வித்தன என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆகவே விரிப்பதற்கு முன்னரே வெறுமையான ஒவ்வொரு கட்டத்திலும் NA போன்ற எழுத்துக்குறி ஒன்றை இட்டுவிடல் வேண்டும். எழுத்து எண்ணாக மாறாது. இழப்பு இழப்பாகவே நிற்கும்.

இதற்கு நெருங்கிய பிறிதொரு வழுவும் உண்டு. அறிக்கையில் ஓராண்டு முழுவதும் விடுபட்டிருந்தால், அதன் மேலும் கீழுமுள்ள நிரைகள் அச்சில் ஒட்டியே நிற்கும். வரிகளை எண்ணிக்கொண்டு செல்லும் மேற்கூறிய வாய்பாடு அவ்விடைவெளியை அறியாது. அதற்குப் பின்னுள்ள மாதங்கள் யாவும் பன்னிரு மாதம் முன்னே வந்துவிடும். விடுபட்ட ஆண்டுக்கும் ஒரு நிரையை ஒதுக்கி, பன்னிரு கட்டங்களிலும் NA இட்டபின்னரே விரித்தல் வேண்டும். முடிவில் தொடரின் கடைசி வரி கடைசி ஆண்டின் டிசம்பராகவே இருக்கின்றதா என்று ஒருமுறை பார்த்தால் இப்பிழை உடனே வெளிப்படும். மாதங்களைப் பெயரால் அன்றி 1 முதல் 12 வரையுள்ள எண்களால் குறித்தலும் நன்று. பெயரால் குறித்தால், தாளை வரிசைப்படுத்தும் வேளையில் அகரவரிசை காலவரிசையைக் குலைத்துவிடும்.

போகமாக வெட்டுதல்

தொடர் உருவானபின் அதனை நாம் வேண்டிய இடத்தில் வெட்டலாம். உலர் வலயத்துப் பெரும்போகத்துக்கு ஒக்டோபரில் வெட்டுதல் பொருத்தம். மாத எண் 10 அல்லது அதனினும் பெரிதாயின் போக ஆண்டு அதே ஆண்டு. சிறிதாயின் முந்திய ஆண்டு. இதனால் 1957 டிசம்பரும் 1958 ஜனவரியும் 1957/58 என்னும் ஒரே போகத்தில் அமையும். நாற்பது ஆண்டுத் தொடரில் முதல் ஒன்பது மாதங்களும் இறுதி மூன்று மாதங்களும் முழுமை பெறாத போகங்களுக்கு உரியவை. எஞ்சிய 468 மாதங்கள் 39 முழுப் போக ஆண்டுகளைத் தரும். ஓராண்டை இழக்கின்றோம் என வருந்த வேண்டியதில்லை. அவ்வோராண்டு எப்பொழுதும் அரைகுறையாகவே இருந்தது.

இவ்வெட்டினால் மேலும் இரு நன்மைகள் உண்டு. மே மாத அளவு இல்லாத ஓராண்டின் மொத்தத்தைக் கணிக்க இயலாது. பழைய முறையில் அவ்வாண்டு முழுவதும் பயனற்றதாகும். தொடரிலோ ஒக்டோபர் முதல் மார்ச் வரையுள்ள கூட்டுத்தொகைக்கு மே மாத இழப்பினால் எவ்விதத் தடையுமில்லை. இரண்டாவது, மழைமானி காலையில் வாசிக்கப்படுவது. டிசம்பர் 31ஆம் நாள் இரவு பெய்த மழை ஜனவரி முதல் நாட் காலையிலேயே அளக்கப்படும். அதனை எந்நாளின் கணக்கில் எழுதுவது என்பது அளப்போருக்குத் தரப்பட்ட அறிவுறுத்தலையும், அவர் அதனைப் பின்பற்றிய கவனத்தையும் பொறுத்தது. ஆண்டு மொத்தத்தில் இது ஒரு பெருமழையையே ஓராண்டிலிருந்து மற்றோராண்டுக்கு மாற்றிவிடும். போக மொத்தத்திலோ இரு நாட்களும் ஒரே கூட்டுக்குள் அடங்குவதால் இவ்வையம் அற்றுப்போகின்றது.

பிரித்த தொடரை வரைபடமாக்கி நோக்கும்போது சில மாதங்கள் மற்றவற்றினும் மிக உயர்ந்து நிற்கும். உடனே அவற்றை வழுவெனக் கொண்டு நீக்கிவிடலாகாது. 1957 டிசம்பரில் உலர் வலயத்தின் பெரும்பகுதியை வெள்ளம் சூழ்ந்தது. 1964 டிசம்பர் 22, 23ஆம் நாட்களில் சூறாவளி வடபுலத்தைத் தாக்கியது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்புப் பகுதி சூறாவளிக்கு இலக்காகியது. இத்தகைய மாதங்களின் பெரிய எண்கள் வழுவல்ல, அவையே வரலாறு. ஐயத்துக்குரிய எண்ணை அயல் நிலையங்களின் அதே மாதத்தோடும், செய்தித்தாளோடும் ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். அயலெங்கும் வறண்டிருக்க ஒரு நிலையம் மட்டும் யூலையில் 14 அங்குலம் காட்டின், 1.40இன் புள்ளி இடம்பெயர்ந்தது என ஐயுறலாம்.

தொடர் சொல்லாதவை

நீண்ட தொடர் ஒன்று நம்மை மயக்கவும் வல்லது. 480 எண்கள் ஒரே கோட்டில் நிற்கும்போது அவை ஒரே மழைமானியின் ஒரே இடத்து வாசிப்புகள் என எண்ணத் தோன்றும். உண்மையில் இடையே மழைமானி கச்சேரி வளவிலிருந்து மருத்துவமனை வளவுக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அருகே நட்ட மரம் வளர்ந்து மழையை மறைத்திருக்கலாம். இவற்றை நிரை, நிரல் சோதனைகள் காட்டா. எண்கள் யாவும் அச்சுக்கு உண்மையாகவே இருக்கும். இதற்கு நம் நிலையத்தின் போக மொத்தங்களை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே சென்று, அயல் நிலையங்களின் சராசரியையும் அவ்வாறே கூட்டி, ஒன்றுக்கெதிராக மற்றதை வரைந்து பார்த்தல் வேண்டும். நிலைமை மாறாதிருப்பின் புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் ஏறும். ஓரிடத்தில் கோடு முறிந்து வேறு சரிவில் தொடர்ந்தால், மாறியது வானம் அன்று, மழைமானியே எனலாம். வானம் மாறியிருப்பின் அயல் நிலையங்களும் உடன் மாறியிருக்கும்.

அங்குலத்தை மில்லிமீற்றராக்கும் வேலையை இறுதியிலேயே செய்தல் வேண்டும். 25.4ஆல் பெருக்கி மட்டந்தட்டிய எண்கள் அச்சிலுள்ள மொத்தத்தோடு மீண்டும் இம்மியும் பிசகாது ஒத்துவரா. சரிபார்க்கும் வழி அடைபட்டுவிடும். அங்குல நிரலை அழியாது வைத்து, அதன் அருகே புதிய நிரலாகவே மில்லிமீற்றரை எழுதுதல் தகும்.

இறுதியாக, மாத மொத்தத்துக்குள் மறைந்துகிடப்பதை எத்தொடரும் வெளிக்கொணராது. நவம்பரில் பெய்த 16 அங்குலம் மாதம் முழுவதும் பரவிப் பெய்ததா, இரண்டு நாட்களில் கொட்டி நெல்லை அழித்ததா என்பதை மாத எண் கூறாது. அதற்கு நாள் ஏட்டையோ, அரசாங்க அதிபரின் நாட்குறிப்பையோ, ஊரவரின் மனுவையோதான் நாடவேண்டும். மழை அட்டவணையைக் கொண்டு மனுவைச் சோதிக்கப் புகுந்தோம். அட்டவணையின் குறையை நிரப்ப மீண்டும் மனுவிடமே வந்து நிற்கின்றோம். மேலே காட்டிய இரு நிரைகளிலும் ஊரவரின் சொல்லைப் பொய்யாக்கியது மழையின் அளவன்று, டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இடையே அச்சுக்கோப்போர் இட்ட கோடு. அக்கோட்டினைத் தாண்டி அடுத்த வரியின் தொடக்கத்தையும் படித்த பின்னரே, அவர்கள் மிகைப்படுத்தினரா இல்லையா என்று கூறும் உரிமை நமக்கு உண்டாகின்றது.